லார்ஜ் சட்டை ஏன் பொருந்தவில்லை?

"170 செ.மீ., 75 கிலோ. உயரம்-எடை அட்டவணைப்படி லார்ஜ் வாங்கினேன். வயிற்றில் இறுக்குது, தோளில் தொங்குது. ஏன்?"

எடை உடம்பில் எங்கே சேர்ந்திருக்கிறது என்று அந்த அட்டவணைக்குத் தெரியாது. உங்களுக்கு வயிற்றில் இருக்கலாம். அதே 75 கிலோவில் உடற்பயிற்சி செய்பவருக்கு மார்பிலும் தோளிலும் இருக்கும். அவருக்கு இதே லார்ஜ் அக்குளில் பிடிக்கும், இடுப்பில் பைபோல நிற்கும்.

நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையைப் பொத்தான் போட்டு மேசையில் விரித்து, வயிற்றுக்கு நேரே அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 55 செ.மீ. வந்தால் சுற்றளவு 110. தோளையும் தையலுக்குத் தையல் அளந்துகொள்ளுங்கள். இந்த எண்களைச் 'சட்டையின் அளவு' அட்டவணையோடு மட்டும் ஒப்பிடுங்கள். 'உடலளவு' அட்டவணையில் துணிக்கான தளர்வு சேர்ந்திருக்காது.

ஸ்லிம் ஃபிட் வேண்டாம், ரெகுலர் ஃபிட் பாருங்கள். பெரிய அளவு வாங்கித் தோளைக் குறைக்க நினைத்தால், கையைப் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும்.