வங்கிச் செயலி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

செயலியில் 'பெனிஃபிஷியரி' சேர்க்கச் சொல்கிறது. பணம் அனுப்புவது நான்; அது யார்? சேர்த்த பிறகும் 80,000 ரூபாய் அனுப்ப முடியவில்லையே?
*- கோபிசெட்டிபாளையம் வாசகர்*

உங்களிடமிருந்து பணம் பெறுபவர்தான் பெனிஃபிஷியரி. அவருடைய பெயர், கணக்கு எண், வங்கிக் கிளையின் குறியீடான ஐஎஃப்எஸ்சி மூன்றையும் ஒருமுறை பதிந்துவிட்டால் அடுத்தடுத்த முறை தொகையை மட்டும் இட்டால் போதும். புதிதாகச் சேர்த்தவருக்கு முதல் ஒரு நாள்வரை சிறு தொகைக்கு மேல் அனுப்பவிடாமல் பல வங்கிகள் தடுத்து வைக்கின்றன. திருடன் உங்கள் செயலிக்குள் புகுந்தாலும் உடனே பெருந்தொகையைக் கொண்டுபோக முடியாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. முதலில் பத்து ரூபாய் அனுப்பி, அது வந்து சேர்ந்ததா என்று அவரிடமே கேட்டுவிட்டுப் பெரிய தொகையை அனுப்புங்கள்.

சம்பந்தியின் பழைய பாஸ்புக்கில் உள்ள ஐஎஃப்எஸ்சி செல்லாது என்கிறது.
*- கரூர் வாசகி*

அவருடைய கணக்கு லட்சுமி விலாஸ் வங்கியில் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். கரூரில் பிறந்த அந்த வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியுடன் இணைக்கப்பட்டது. LAVB என்று தொடங்கும் பழைய குறியீடு இனி உதவாது. இப்போதைய காசோலையில் அச்சாகியிருக்கும் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் 11 இடங்கள் இருக்கும்: முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், மீதி ஆறும் கிளைக்குரியவை. அந்தப் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ எழுத்தை இடுவோர் ஏராளம்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது கணக்கு எண். பணம் எண்ணைப் பார்த்துத்தான் போய்ச் சேருகிறது. நீங்கள் எழுதும் பெயரைப் பார்த்து அல்ல. செயலி அந்தக் கணக்குக்கு உரியவரின் பெயரைத் திரையில் காட்டினால், அதைப் படிக்காமல் அடுத்த பொத்தானை அழுத்தாதீர்கள்.

லாரிக்காரருக்கு 18,000 ரூபாய் ஐஎம்பிஎஸ் வழியாக அனுப்பினேன். 'டிரான்ஸாக்ஷன் ஃபெயில்ட்' என்று வந்தது. மறுபடியும் அனுப்பினேன். இப்போது என் கணக்கில் 36,000 குறைந்திருக்கிறது.
*- பொள்ளாச்சி வாசகர்*

இந்தக் கடிதம் ஊரும் தொகையும் மாறி மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. திரையில் சிவப்பு எழுத்தைக் கண்டவுடன் பாஸ்புக் பக்கத்தையும் இருப்பையும் பார்க்காமல் மீண்டும் அனுப்பும் அவசரம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

தோல்வி இரண்டு வகைப்படும். பின் எண் தவறு, இருப்பு போதாது, நாள் வரம்பு தாண்டிவிட்டது போன்றவற்றில் பணம் உங்கள் கணக்கைவிட்டு அசையவே இல்லை. பிழையைத் திருத்தி மீண்டும் அனுப்பலாம். இரண்டாவது வகையில், உங்கள் வங்கி பணத்தைக் கழித்துவிட்டது, ஆனால் எதிர் வங்கியின் பதில் வந்து சேரவில்லை. 'பெண்டிங்' என்று திரை காட்டினாலும் இதே நிலைதான். பணம் அங்கே வரவாகியும் இருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். எனவே பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்திருந்தால் அன்று மறுபடியும் அனுப்பக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது இது. முதலில் லாரிக்காரரிடம் அவருடைய கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முறையும் வந்திருந்தால், அவராக மனமுவந்து திருப்பித் தந்தால்தான் உண்டு. அவர் சம்மதமின்றி வங்கி தானாக எடுத்துத் தராது. ஒரு முறைதான் வந்திருக்கிறது என்றால் மற்ற 18,000 மறுநாளுக்குள் தானாகவே உங்கள் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-இலேயே விதித்திருக்கிறது. திரும்பாவிட்டால், பரிவர்த்தனை விவரத்தில் இருக்கும் 12 இலக்கக் குறிப்பு எண்ணுடன் உங்கள் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் தீர்வில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வங்கியின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடி அழைக்காதீர்கள். தேடலில் மேலே வருவது மோசடிக்காரரின் எண்ணாகவும் இருக்கக்கூடும். அட்டையின் பின்புறமும் பாஸ்புக்கிலும் உள்ள எண்ணே போதும்.

நின்றுபோன பணத்தைத் திருப்பித் தர ஓடிபி கேட்கிறார்கள். சொல்லலாமா?
*- காங்கேயம் வாசகர்*

கூடாது. பணம் வாங்குவதற்கு ஓடிபியோ பின் எண்ணோ தேவையே இல்லை. அது வந்தாலே உங்கள் கணக்கிலிருந்து ஏதோ வெளியே போகப்போகிறது என்று பொருள். எவ்வளவு தொகை, எதற்காக என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். எண்ணை மட்டும் பார்க்காமல் வரி முழுவதையும் படியுங்கள். ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்றால் உடனே வங்கியையும், இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணையும் அழையுங்கள்.

என் செயலி ஏன் திறக்கவில்லை என்று பார்த்துச் சொல்லவும். விவரங்கள் கடிதத்தில் உள்ளன.
*- அவிநாசி வாசகர்*

பின் எண்ணையும் கடவுச்சொல்லையும் கடிதத்திலேயே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், ஐயா. கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கிளைக்கு நேரில் போய் இரண்டையும் இன்றே மாற்றுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

ஓடிபி கேட்டால் வருவதே இல்லை. வந்தாலும் தவறு என்கிறது.
*- திருப்பூர் வாசகி*

வங்கியில் பதிந்த எண்ணின் சிம் எந்தக் கைப்பேசியில் இருக்கிறதோ அதற்குத்தான் ஓடிபி வரும். மகனுடைய எண்ணைக் கொடுத்திருந்தால் அவருக்குப் போயிருக்கும். மூன்று முறை கேட்டிருந்தால் கடைசியாக வந்ததை மட்டும் இடுங்கள், சில நிமிடங்களுக்குள்.