2000 ரூபாய்க்குள் கன்ட்ரோலர்: டிரிகரை மெதுவாக அழுத்திப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. லேப்டாப்பில் ஃபோர்சா ஹொரைசன் 5, எஃப்சி ஃபுட்பால், வாலோரண்ட் மூன்றும் கீபோர்டில்தான் விளையாடுகிறேன். 2000 ரூபாய்க்குள் ஒரு கன்ட்ரோலர் வாங்கலாமா? பாலக்காட்டுக் கடையில் 700 ரூபாய்க்கும் இருக்கிறது, 1800-க்கும் இருக்கிறது. கடைச் சேட்டன் எல்லாம் ஒன்றுதான் என்கிறார். எதை எடுப்பது?

பதில்: தம்பி, எல்லாம் ஒன்று இல்லை, 1800 ரூபாய் இருப்பதை எடுங்கள். ஆனால் அதையும் சோதித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் இருக்கும் இடம் பின்பக்கம், ஆள்காட்டி விரல் படுகிற அந்த இரண்டு டிரிகர்.

நீங்கள் விளையாடும் ஃபோர்சாவையே எடுத்துக்கொள்வோம். கீபோர்டில் W அழுத்தினால் முழு ஆக்ஸிலேட்டர், விட்டால் ஒன்றுமில்லை, நடுவில் எதுவும் கிடையாது. மழை பெய்து நனைந்த ரோட்டில், பின்சக்கரம் இழுக்கிற கார் ஒன்றை வளைவில் திருப்பும்போது W-வைத் தொட்டதும் சக்கரம் சுழன்று கார் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு போயிருக்குமே, அதற்குக் காரணம் இதுதான். அதனால்தான் கீபோர்டுக்காரர்கள் எல்லாரும் W-வை டொக் டொக்கென்று தட்டித் தட்டி ஓட்டப் பழகியிருக்கிறார்கள். நல்ல டிரிகர் இந்த அழுத்தத்தை 0 முதல் 255 வரை படிப்படியாக விளையாட்டுக்குச் சொல்லும். வளைவுக்குள் நுழையும்போது கால்வாசி, கார் நேராக ஆக ஆக பாதி, அப்புறம் முழுசாக என்று விரலாலேயே கூட்டிக்கொண்டு போகலாம். பிரேக்கும் அப்படித்தான். ஒரே கார், ஒரே வளைவு, கீபோர்டில் மூன்று முறை சுற்றிக்கொண்ட இடத்தை டிரிகரில் ஒழுங்காகக் கடந்தால் நான் சொல்வது உங்களுக்கே புரியும்.

700 ரூபாய்ச் சாமான் பலவற்றில் டிரிகர் இருக்கும், ஆனால் உள்ளே வெறும் பட்டன்தான் இருக்கும். அழுத்தினால் முழுசு, விட்டால் சுழி. கையில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு W-வைத் தட்டுகிற கதைதான் அது. நான் முதன்முதலில் வாங்கியது அப்படி ஒரு பெயரில்லாச் சாமான்தான். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கண்டுபிடித்தேன், கடையில் திருப்பி எடுக்கவும் இல்லை. அந்த ஆத்திரம் இன்னும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்.

கடைக்கு லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். வயர் மாடலைக் கேளுங்கள், அதே விலையில் வயர்லெஸ்ஸைவிட வயரில் உள்ளே நல்ல பொருள் கிடைக்க வாய்ப்பு அதிகம், சார்ஜ் தொல்லையும் இல்லை. செருகியதும் விண்டோஸ் பட்டனும் R-உம் சேர்த்து அழுத்தி இதைத் தட்டுங்கள்:

```
joy.cpl
```

ஒரு சின்னப் பட்டியல் திறக்கும். அதில் பெயர் Xbox 360 என்ற மாதிரி வந்தால் கன்ட்ரோலர் எக்ஸ்இன்புட் முறையில் இருக்கிறது, இன்றைய விளையாட்டுகள் எல்லாம் எதிர்பார்ப்பது அதைத்தான். வெறும் USB Gamepad என்று வந்தால் பழைய டைரக்ட்இன்புட் முறை. அப்படி வந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், நடுவில் இருக்கும் ஹோம் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் பல கன்ட்ரோலர்கள் முறை மாறும். எப்படியும் மாறவில்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள். ஸ்டீம் வழியாக அதை ஓட்டவைக்க முடியும்தான், ஆனால் ஸ்டீமுக்கு வெளியே வாங்கிய விளையாட்டுக்கெல்லாம் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்ட வேண்டும்.

அடுத்து Properties அழுத்துங்கள், சோதனைப் பக்கம் வரும். வலது டிரிகரை மிக மெதுவாக அழுத்துங்கள். Z Axis என்ற பட்டை உங்கள் விரலோடு கூடவே மெல்ல நகர்ந்தால் நல்லது. சட்டென்று ஒரே தாவலில் கடைசிக்குப் போனாலோ, பட்டையே அசையாமல் கீழே 7, 8 என்று பட்டன் எண்கள் மட்டும் எரிந்தாலோ அது போலி டிரிகர். இங்கே ஒரு விஷயம் பலரைக் குழப்பும்: எக்ஸ்இன்புட் கன்ட்ரோலரில் இரண்டு டிரிகரையும் ஒன்றாக அழுத்தினால் இந்தப் பக்கத்தில் பட்டை நடுவுக்கே திரும்பிவிடும். அது பழுது அல்ல. இந்தப் பழைய சோதனைப் பக்கம் இரண்டையும் ஒரே பட்டையில் காட்டுகிறது, அவ்வளவுதான். விளையாட்டுக்குள் இரண்டும் தனித்தனியாகவே வேலை செய்யும். இதைப் பார்த்துவிட்டு நல்ல சாமானைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

அதே பக்கத்தில் இடது ஸ்டிக்கை ஓரம்வரை தள்ளி விடுங்கள், நான்கு திசையிலும் நாலைந்து முறை. சிலுவைக் குறி ஒவ்வொரு முறையும் நடுவுக்கு வர வேண்டும். புதுசிலேயே ஒரு பக்கம் தள்ளி நின்றால் எடுக்காதீர்கள். சாதாரண ஸ்டிக்கில் ஒரு கார்பன் பாதைமேல் சின்ன உலோக விரல் உரசிக்கொண்டே இருக்கும், நாளாக ஆக அது தேய்ந்து, தொடாமலேயே கார் ஒரு பக்கம் இழுக்கும், இதைத்தான் டிரிஃப்ட் என்கிறார்கள். ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் காந்தத்தை வைத்து அளப்பதால் உரசல் இல்லை, இந்தத் தேய்மானமும் இல்லை. உங்கள் பட்ஜெட்டுக்குள் அப்படி ஒன்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள், ஆனால் பெட்டியைப் படிக்கும்போது மட்டும் கண்ணைத் திறந்து படியுங்கள். சிலவற்றில் டிரிகர் மட்டும் ஹால் எஃபெக்ட், ஸ்டிக் சாதாரணம், பெட்டியில் பெரிய எழுத்தில் பொதுவாகப் போட்டிருப்பார்கள். ரெட்கியர், காஸ்மிக் பைட், ஈவோஃபாக்ஸ் மாதிரி இங்கே கிடைக்கிற பிராண்டுகளில் தேடுங்கள், பில்லை வாங்கி வையுங்கள்.

சாதாரண ஸ்டிக்தான் கிடைத்தது என்றாலும் பயப்பட வேண்டாம். பின்னாளில் லேசாக டிரிஃப்ட் வந்தால் ஃபோர்சாவின் செட்டிங்ஸில் Steering Axis Deadzone Inside என்பதைக் கொஞ்சம் கூட்டினால், நடுவில் அந்தச் சின்ன அசைவை விளையாட்டு கண்டுகொள்ளாது. அதற்கு ஒரு விலை உண்டு: அளவுக்கு மேல் கூட்டினால் லேசான திருப்பல்களும் போய், நேர் ரோட்டில் காரைச் சரி செய்யவே கஷ்டமாகிவிடும்.

ஃபுட்பாலிலும் கன்ட்ரோலர்தான் என் கட்சி. அம்புக்குறிப் பட்டன்களில் எட்டுத் திசைதான், ஸ்டிக்கில் எந்தக் கோணத்துக்கும் ஆளைத் திருப்பலாம், டிஃபென்டர் இருவருக்கு நடுவே இருக்கும் ஒடுக்கமான சந்தில் பாஸ் போடும்போது அது தெரியும். வாலோரண்ட்டுக்கு மட்டும் இதை நினைத்து வாங்காதீர்கள். கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டு கன்ட்ரோலரை ஏற்பதே இல்லை. ஏற்றாலும் குறி வைப்பதில் மவுஸை ஸ்டிக்கால் பிடிக்க முடியாது, அதனால் அங்கே இப்போது இருப்பதே சரி.

பாலக்காட்டுக் கடையில் செருகிப் பார்க்க விடமாட்டேன் என்றால் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடியுங்கள்.