ஆடி மாதத்தில் தெற்கு ஜன்னல்

கேள்வி: விளாச்சேரியில் மண் பொம்மை செய்து ஆன்லைனில் விற்கிறோம். கொலுவுக்கு இப்போதே போனில் படம் எடுத்துப் போட வேண்டும். வடக்கு ஜன்னல் ஓரம் நல்லது என்றார்கள். அங்கேதான் எடுக்கிறேன். ஆனால் வெள்ளைத் துணி சாம்பலாகத் தெரிகிறது, பெருமாளின் நீலம் மாறிவிடுகிறது, முகத்தில் வெள்ளையாக ஒரு பளபளப்பு விழுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஜன்னலை மாற்றுங்கள். வடக்கு ஜன்னலில் வெயில் விழாது என்பது குளிர் நாட்டுக்காரர்களின் கணக்கு. மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆனி, ஆடி மாதங்களில் காலை முதல் மாலை வரை வடக்குப் பக்கமாகவே போகும். நீங்கள் கொலுவுக்குப் படம் எடுப்பதும் அந்த நாட்களில்தான். அதனால் இப்போது தெற்கு ஜன்னல்தான் உங்களுக்கு. புரட்டாசி பிறந்ததும் வடக்குக்குத் திரும்பிவிடலாம். சந்தேகமாக இருந்தால் ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஒரு சாண் மேலே கையைக் காட்டுங்கள். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் அங்கே வெயில் விழுகிறது. மங்கிக் கரைந்தால் அந்த இடம் சரி.

அடுத்தது நீலம். அறையில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தால் முதலில் அணையுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், விளக்கு வேறொரு நிறம். இரண்டையும் போன் ஒரேயடியாகச் சரிசெய்ய முடியாமல் நடுவில் எதையோ பிடித்துக்கொள்ளும். அப்புறம் சுவரைப் பாருங்கள். பச்சைச் சுவர் பக்கத்தில் எடுத்த ஒரு வெள்ளைக் குதிரையை நான் வெளிறிய பச்சையாக விற்றிருக்கிறேன். வாங்கியவர் திருப்பி அனுப்பினார், அவர் கேட்டது நியாயம்தான். சுவர் வண்ணமாக இருந்தால் அதை வெள்ளை சார்ட் தாளால் மறையுங்கள். பின்னணிக்கும் அதையே வையுங்கள். வேட்டி வேண்டாம். சொட்டு நீலம் போட்டுத் துவைத்த வேட்டி நம் கண்ணுக்கு வெள்ளை, போனுக்கு லேசான நீலம்.

வெள்ளை சாம்பலாவது போனின் குறையல்ல, அதன் வேலையே அப்படித்தான். திரை முழுக்க வெளுப்பாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து அது குறைத்துவிடும். நாம்தான் கூட்ட வேண்டும். பொம்மையின் முகத்தை விரலால் தொட்டு ஒரு நொடி அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பெரும்பாலான போன்களில் அப்போது பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் தெரியும். அதை மெதுவாக மேலே தள்ளுங்கள். தாள் வெள்ளையாகும்போது நிறுத்துங்கள். அதற்கு மேலும் தள்ளினால் பெருமாளின் நாமம் பின்னணியோடு கரைந்துவிடும். நாமத்தின் ஓரம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே தள்ளுவது என் வழக்கம்.

முகத்துப் பளபளப்புதான் கொஞ்சம் பொறுமை கேட்பது. வார்னிஷ் பூசிய பொம்மை சின்னக் கண்ணாடி மாதிரி. நீங்கள் பார்க்கும் அந்த வெள்ளை உங்கள் ஜன்னலேதான். ஒரு அடி உயரப் பெருமாளை எடுத்துக்கொள்வோம். ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள், ஜன்னல் பொம்மைக்கு இடது பக்கம் இருக்கட்டும். போன் மூன்றடி தூரத்தில், பொம்மையின் மார்பு உயரத்தில் இருக்கட்டும். இப்போது திரையைப் பார்த்தபடியே பொம்மையை அரை அங்குலம் அரை அங்குலமாகத் திருப்புங்கள். வெள்ளைப் புள்ளி மூக்கிலிருந்து கன்னத்துக்கும், கன்னத்திலிருந்து காதுக்கும் நகர்வது தெரியும். அது காதோரம் போனதும் நிறுத்துங்கள். மொத்தமாகப் போகவும் கூடாது, போனால் வார்னிஷே தெரியாமல் மண்ணாகத் தெரியும். ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி தொங்கவிட்டால் புள்ளியின் ஓரம் மென்மையாகும்.

வலது பக்கம் ஒரு சாண் தள்ளி வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிமிர்த்தி வையுங்கள். நிழல் பக்கம் தெளிவது ஒரு காரணம். கிரீடத்தின் தங்க வர்ணம் இன்னொரு காரணம். தங்க வர்ணம் எதிரே இருப்பதைக் காட்டும். எதிரே இருட்டு அறை இருந்தால் கிரீடம் பழுப்பாகும், வெள்ளை அட்டை இருந்தால் தங்கமாகும்.

பொம்மைக்கு மிக அருகே போகாதீர்கள். அருகே போனால் மூக்கு பருத்து, பாதம் சின்னதாகும். மூன்றடி தள்ளி நின்று 2x வைத்து எடுப்பதே நல்லது. எடுக்கும் முன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். நாளெல்லாம் கையில் இருக்கும் போனில் எண்ணெய்ப் படலம் இருக்கும், படம் பனிபோல் மங்குவது பாதி நேரம் அதனால்தான்.

படம் எடுத்ததும் நிறத்தைப் பாருங்கள். போனில் இரவுக்கான மஞ்சள் திரை வசதி இருந்தால் அணைத்துவிட்டு, படத்தையும் பொம்மையையும் அதே ஜன்னலோரம் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வாங்குபவரின் போனில் எப்படித் தெரியும் என்பது நம் கையில் இல்லை. அதனால் அதே பொம்மையை உள்ளங்கையில் பிடித்து இன்னொரு படமும் போடுங்கள். கையின் நிறம் எல்லோருக்கும் பழகியது, அதை வைத்து நீலத்தை அவர்களே சரியாகக் கணித்துக்கொள்வார்கள். பெருமாளின் உயரமும் அதிலேயே புரிந்துவிடும்.