பத்து வருடம் ஒத்துக்கொண்ட ஹேர் டை திடீரென அலர்ஜி ஆகுமா?

"ஒரே டையைத்தான் பத்து வருஷமா போடறேன். இந்த முறை ரெண்டாம் நாள் உச்சந்தலை அரிச்சு, காதோரம் வீங்கிடுச்சு. அமோனியா இல்லாததுக்கு மாறினா போதுமா?"

போதாது. அமோனியா எரிச்சல்தான் தரும். இப்படித் தாமதமாக வரும் அரிப்புக்கும் வீக்கத்துக்கும் பெரும்பாலும் காரணம் பிபிடி என்ற, கருநிறம் தரும் வேதிப்பொருள். அமோனியா இல்லாத டைகளிலும் அது இருக்கலாம். எத்தனை வருடம் ஒத்துக்கொண்டிருந்தாலும், உடல் ஒருநாள் அதை எதிரியாக அடையாளம் கண்டுவிட்டால் பிறகு மறப்பதில்லை. அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம்.

வழக்கமாக, காதுக்குப் பின்னால் துளி டை தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்வார்கள். உங்களுக்கு ஏற்கெனவே வீங்கிவிட்டதால் அந்த டையை வைத்து வீட்டில் சோதிக்க வேண்டாம். தோல் மருத்துவர் முதுகில் பட்டை ஒட்டி, இரண்டு நாளில் எடுத்து, நான்காம் நாள் வாக்கில் மறுபடி பார்ப்பார். அரை மணி நேரத்தில் ஒன்றும் இல்லையே என்று நம்புவதுதான் பலர் செய்யும் தவறு.

பிபிடி உறுதியானால், கலப்பில்லாத மருதாணி பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்; நிறம் செம்பழுப்புதான். கறுப்பாகப் பிடிக்கும் 'மருதாணி' என்றால் சந்தேகப்படுங்கள், அதில் பிபிடியே கலந்திருக்கலாம். கண், உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.