வியட்நாம் மெனுவைத் தமிழில் எழுதுவது: கேளுங்கள், சொல்கிறேன்

"அக்கா, டா நாங்கில் ஹோட்டல் வைத்திருக்கும் நண்பர் மெனுவைத் தமிழிலும் போடச் சொல்கிறார். புன் போ ஹுவேயை 'ஹுவே மாட்டிறைச்சி நூடுல்ஸ்' என்று எழுதினால் போதுமா?"

போதாது தம்பி. பெயரை அப்படியே விடுங்கள், பரிமாறுகிறவரிடம் அதைச் சொல்லித்தானே வாங்க வேண்டும். வியட்நாமிய எழுத்திலும் பக்கத்தில் போடுங்கள், மேலே கீழே இருக்கும் குறிகள் எதையும் விடாமல். குறிகளை எடுத்துவிட்டால் மாட்டிறைச்சியும் வெண்ணெயும் ஒரே எழுத்தாகிவிடும்.

விளக்கம் பெயருக்குக் கீழே ஒரு வரியில் வரட்டும். இந்தப் பெயரில் மாடு மட்டும்தான் இருக்கிறது, கிண்ணத்தில் பன்றிக்காலும் இருக்கும், பல கடைகளில் உறைந்த பன்றி ரத்தக் கட்டியும் மிதக்கும், சூப்பின் வாசனைக்கு மாம் ருவோக் என்கிற இறால் விழுதும் ஒரு காரணம். மாடு சாப்பிடலாம், பன்றி ஆகாது என்று இருக்கிற முஸ்லிம் வாடிக்கையாளர் உங்கள் வரியை நம்பி ஆர்டர் செய்தால் என்ன ஆகும்? நான் எழுதினால் இப்படி: "எலுமிச்சைப்புல் மணக்கும் கார சூப்பில் தடித்த அரிசி நூடுல்ஸ். மாடு, பன்றிக்கால், பன்றி ரத்தம், இறால் விழுது சேர்ந்தது." அதற்கு முன்னால் சமையல்காரரைப் பிடித்துக் கேளுங்கள், சில கடைகளில் ரத்தம் போடுவதில்லை.

"பூண்டு போட்டு வதக்கின கீரை வெஜ்தானே? வெஜ் குறி போட்டுவிட்டேன்."

எடுத்துவிடுங்கள். அதில் மீன் சாஸோ சிப்பி சாஸோ ஊற்றியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. காய்கறி என்றால் சைவம் என்று அர்த்தம் இல்லை, இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த ஆள் வந்து கேட்கிறார். மெனுவில் 'சாய்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது பௌத்த சைவம், மீன் சாஸும் கிடையாது, சில இடங்களில் வெங்காயம் பூண்டும் கிடையாது. முட்டை, பால் பற்றி மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஃபோ வெஜ்ஜா?"

மேலே படிங்க. மாட்டெலும்பு அல்லது கோழி சூப். ஃபோ சாய் என்றிருந்தால் சைவம்.

"மீன் சாஸ் பாட்டில் லேபிள் வேலை வந்திருக்கு. 40°N என்று போட்டிருக்கு. '40 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்' என்று எழுதினேன்."

ஐயோ. அது வெப்பம் இல்லை. ஒரு லிட்டரில் எத்தனை கிராம் நைட்ரஜன் என்பதைச் சொல்லும் எண், மீனின் புரதம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கான அளவு. எண் கூடக் கூட ருசியும் விலையும் கூடும். 40°N என்பதை அப்படியே வைத்து, "நைட்ரஜன் லிட்டருக்கு 40 கிராம்" என்று சேருங்கள். பொருள் பட்டியலில் பெரும்பாலும் நெத்திலியும் உப்பும்தான் இருக்கும். "மீன்" என்ற சொல் மட்டும் கண்ணில் படுகிற மாதிரி வரட்டும், ஒவ்வாமை உள்ளவர் தேடுவது அதைத்தான்.

"நுவொக் மாமுக்கு 'மீன் சாஸ்' என்பது அரை ஆங்கிலம். 'மீன் தேறல்' என்று எழுதலாமே? வடித்தெடுத்த தெளிவு என்று பொருள் வரும்."

தெளிவு என்பது சரிதான் ஐயா. ஆனால் சங்கப் பாட்டில் தேறல் என்றால் கள். 'மீன் தேறல், 40°' என்று லேபிளில் பார்த்தால் நம் ஆட்கள் சமையலறையிலா வைப்பார்கள்?

"கள்ளும் தெளிந்ததால்தான் தேறல். சொல்லைப் புழங்கினால் பழகும். நீங்கள் 'சாஸ்' என்று எழுதினால் இன்னும் நூறு வருஷத்துக்கு சாஸ்தான்."

பழகட்டும், கட்டுரையில் எழுதுங்கள், நானே படிக்கிறேன். கடை அலமாரி முன்னால் நிற்கிறவர் ஒரு நொடிதான் பார்ப்பார்.

"சிங்கப்பூரில் எங்கள் அம்மா 'மீன் தண்ணி' என்றுதான் சொல்வார். சாறு என்று போட்டால்?"

சாறு என்றால் எனக்கு ரசம் நினைவுக்கு வருகிறது. ஆனால் 'மீன் தண்ணி' மோசமில்லை, யோசிக்கிறேன். தேறல் ஐயா ஒத்துக்கொள்ள மாட்டார்.

"ஒத்துக்கொள்ள மாட்டேன்."

சரி, அடுத்தவர்.

"வெஜ் ஃபோவில் மீன் சாஸ் இருக்குமா?"

மேலே. சாய்.

"ஹோ சி மின் நகரத்துக்கு விசா எத்தனை நாளில் வரும்?"

தூதரகத்தைக் கேளுங்கள்.

"பெயரை மாற்றக் கூடாது என்றீர்கள், அதனால் எல்லா மெனுவிலும் 'நெம்' என்று மட்டும் எழுதிவிட்டேன். ஹனோயில் சாப்பிட்டேன், பொரித்த ரோல்தானே?"

ஹனோயில் அப்படித்தான். தெற்கே அதே ரோலுக்கு சா யோ என்று பெயர், அங்கே நெம் என்றால் பெரும்பாலும் பன்றி இறைச்சிப் பண்டம். நெம் சுவா என்று ஒன்று உண்டு, அடுப்பே காட்டாமல் புளிக்கவைத்த பன்றி இறைச்சி, இலையில் சுற்றி வரும். பொரித்த ரோலை எதிர்பார்த்து கர்ப்பிணிப் பெண் ஒருவர் அதைச் சாப்பிட்டுவிடக் கூடாது. பெயரை வைக்கச் சொன்னேன், பெயரோடு விட்டுவிடச் சொல்லவில்லை. அந்தந்த ஊர்க் கடையில் எது வருகிறதோ அதற்கேற்ப ஒரு வரி, பச்சையாக இருந்தால் "சமைக்காதது" என்பது அந்த வரியின் முதல் சொல்.