'3+' என்று போட்டால் மட்டும் போதுமா?

பொம்மைக் கடைக்கு விளக்க வரி எழுதுகிறேன். பயப்படும் பெற்றோருக்கு வயதையும் பாதுகாப்புச் சோதனையையும் எப்படி நேர்மையாகச் சொல்வது?

வயதோடு காரணத்தையும் எழுதுங்கள். '3+' என்பதை அறிவுத்திறனின் அளவு என்று நினைத்து, சுட்டியான இரண்டு வயதுக் குழந்தைக்கு வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது மூச்சடைப்பு எச்சரிக்கை. ஏறத்தாழ 32 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கும் துண்டு மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகவே ஆகாது. சோதனையில் இழுக்கும்போது கழன்றுவரும் துண்டுக்கும் இதே விதிதான்.

மரக் கார் ஒன்றுக்கு நான் இப்படி எழுதுவேன்: "3 வயது நிறைந்தவர்களுக்கு. சக்கரம் சிறியது, கழன்றால் தொண்டையில் அடைக்கும். தயாரிப்பாளரின் ஆய்வக அறிக்கையைப் படித்தோம். சக்கரங்களைக் கையால் இழுத்துப் பார்த்தோம். வண்ணப்பூச்சை நாங்கள் சோதிக்கவில்லை."

அந்தக் கடைசி வாக்கியத்தை வெட்டிவிடாதீர்கள். 'நூறு சதவீதம் பாதுகாப்பானது' என்று மட்டும் எழுதவே வேண்டாம். எந்தச் சோதனையும் அதை நிரூபிப்பதில்லை.