கெட்டதற்கு அழைப்பு வேண்டாம்

கேள்வி: ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் நான் ஒரு குலுக்கல் சீட்டு நடத்தினேன். 20 பேர், மாதம் 2,000 ரூபாய். நான்காவது மாதமே என் தோழிக்குச் சீட்டு விழுந்தது. 11 மாதம் ஒழுங்காகக் கட்டினாள், பிறகு நிறுத்திவிட்டாள். மீதி 18,000 ரூபாயை என் கைக்காசு போட்டுக் கட்டினேன். ஒரு நாள் தண்ணீர் லாரி வந்திருந்த நேரம், குடத்தோடு நின்றவர்கள் அத்தனை பேர் முன்னாலும், "ஊரார் பணத்தில் உடம்பு வளர்க்கிறவள்" என்று அவளைச் சொல்லிவிட்டேன். அவள் கணவருக்கு அப்போது வேலை போயிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த மாதமே திருவெறும்பூர் பக்கம் குடிபோய்விட்டார்கள். இருபது வருடச் சிநேகிதம் அத்தோடு நின்றது. போன மாதம் அவள் அம்மா இறந்துவிட்டாராம். பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. அந்த அம்மா கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். கைப்பேசியை எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன். இப்போது பேசலாமா? எப்படித் தொடங்குவது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: கைப்பேசியை வைத்துவிட்டு நேரில் போங்கள். நல்லதற்கு அழைத்தால்தான் போக வேண்டும், கெட்டதற்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு இதைவிட வசதியான வழக்கம் வேறில்லை. கல்யாண வீட்டுக்கு நீங்கள் போய் நின்றால் "இவளை யார் அழைத்தது" என்று கேட்பார்கள். துக்கம் விசாரிக்கப் போகிறவரை அப்படி யாரும் கேட்பதில்லை. பதினாறு முடிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். வெளியூரில் இருப்பவர்களும் தாமதமாகக் கேள்விப்பட்டவர்களும் மாதக்கணக்கில் கழித்து வந்து கேட்டுவிட்டுப் போவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஆனால் தள்ளிக்கொண்டே போனால் நீங்கள் வந்த காரணம் துக்கம்தானா என்ற சந்தேகம் அவருக்கு வரும். ஆகவே இந்த வாரமே போங்கள்.

போகிற முறை உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் பதற்றத்தில் கோட்டை விடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். செவ்வாய், வெள்ளி பார்க்கிற வீடு என்றால் அந்த நாட்களைத் தவிருங்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் போகாதீர்கள். காலை பத்து மணிக்கு மேல், அடுப்படி வேலை ஓய்ந்திருக்கும்போது போங்கள். பூவும் இனிப்பும் வேண்டாம். உங்கள் தெருவில் இருந்து யாரையும், முக்கியமாக அன்று குடத்தோடு நின்ற எவரையும், துணைக்கு அழைத்துக்கொண்டு போகாதீர்கள். கிளம்பும்போது "போய் வருகிறேன்" என்று சொல்லாமல் எழுந்துவிடுங்கள்.

அங்கே பேச வேண்டியது அந்த அம்மாவைப் பற்றி மட்டும். "நல்ல மனுஷி, போய்விட்டாரே" என்பதை எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நீங்கள் சாப்பிட்ட சாப்பாட்டில் ஒரு நாளைச் சொல்லுங்கள்: என்ன சமைத்திருந்தார், உங்களை எங்கே உட்கார வைத்தார், என்ன சொல்லிப் பரிமாறினார். தாயை இழந்தவருக்குத் தாயைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒரு சின்னச் செய்தி கிடைப்பது பெரிய விஷயம். அதைக் கொடுக்கக்கூடியவர்களில் நீங்களும் ஒருவர்.

சண்டையைப் பற்றி அன்று வாய் திறக்காதீர்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அன்றைக்கு அப்படிச் சொன்னது..." என்று ஆரம்பித்து அழுதுவிடுவார்கள். அழுகிற உங்களை அவர் தேற்ற வேண்டியதாகிவிடும். சுற்றி உறவினர்கள் வேறு இருப்பார்கள்; அவர்கள் முன்னால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்வதைத் தவிர அவருக்கு வழி இருக்காது. அந்த வார்த்தையை நம்பி நீங்கள் வீட்டுக்கு வருவீர்கள். அடுத்த வாரம் போன் செய்தால் எடுக்க மாட்டார். அவரே பேச்சை எடுத்தால், "அதைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது, இன்றைக்கு அம்மாவுக்காக வந்தேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் உள்ளறையை விட்டு வெளியே வராமலே இருந்துவிட்டால், இருக்கிறவர்களிடம் விசாரித்துவிட்டு எழுந்துவிடுங்கள். நீங்கள் வந்து போனது அவருக்குத் தெரியும்.

பிறகு ஒரு மாதம் விட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். தபாலில், கையெழுத்தில். வாட்ஸ்அப் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நீல நிற டிக் விழுந்ததா, பார்த்துவிட்டுப் பதில் போடவில்லையா என்று நீங்கள் மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பீர்கள். நீங்கள் பார்ப்பீர்கள் என்று அவருக்கும் தெரியும். போன் அழைப்பு இன்னும் மோசம். அவர் எங்கே, யாரோடு இருக்கும்போது உங்கள் குரல் போய் விழும் என்று சொல்ல முடியாது. கடிதத்தை அவர் தனக்குத் தோதான நேரத்தில் பிரிக்கலாம், மடித்து வைக்கலாம், கிழித்துப் போடலாம். பண்டிகை வாழ்த்துப் படத்தை அனுப்பி ஆழம் பார்க்கிற உத்தி வேண்டவே வேண்டாம். ஊருக்கெல்லாம் அனுப்பியதில் தனக்கும் ஒன்று வந்ததா என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. அதோடு, சாவு விழுந்த வீட்டில் பல குடும்பங்கள் ஒரு வருடம் பண்டிகையே கொண்டாடுவதில்லை.

என்ன எழுதுவது? நீங்கள் உட்கார்ந்தவுடன் கை தானாக எழுதப்போவது அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

"அன்று ஏதோ கோபத்தில் பேசிவிட்டேன். உன் வீட்டு நிலைமையை நீ சொல்லியிருந்தால் எனக்கும் புரிந்திருக்கும். உன் மனம் புண்பட்டிருந்தால் மன்னித்துவிடு. எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பழையபடி இருப்போம்."

பார்க்க நல்ல கடிதம்தான். அவர் இருக்கிற இடத்தில் இருந்து படித்துப் பாருங்கள். "ஏதோ கோபத்தில்" என்றால் பேசியது கோபம், நீங்கள் இல்லை. "நீ சொல்லியிருந்தால்" என்றால் தப்பு சொல்லாத அவர் மேல். வேலை போன விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது, யார் யார் பேசினார்கள் என்ற புதுக் காயம் வேறு. "புண்பட்டிருந்தால்" என்பது புண்பட்டாரா இல்லையா என்றே உங்களுக்குச் சந்தேகம் இருப்பதுபோல் ஒலிக்கிறது. தெருவையே விட்டுப் போனவரிடம் இதைக் கேட்கலாமா? கடைசியில், மன்னிக்கவும் மறக்கவும் வேண்டிய இரண்டு வேலைகளையும் அவர் தலையிலேயே வைத்திருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் லெவிக்கியும் அவருடைய சகாக்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. வருத்தம் தெரிவிப்பது, காரணம் விளக்குவது, தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்வது, இனிச் செய்ய மாட்டேன் என்பது, சரிசெய்து தருகிறேன் என்பது, மன்னிக்கச் சொல்லிக் கேட்பது என்று ஒரு மன்னிப்பை ஆறு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டார்கள். கேட்டவர்களிடம் அதிகம் எடுபட்டது தவறை ஒப்புக்கொள்வது. அடுத்தது சரிசெய்து தருவது. கடைசி இடம் "மன்னித்துவிடு" என்பதற்கு. அங்கே கொடுக்கப்பட்ட சூழல் வரிக் கணக்கில் தவறு செய்த ஒரு கணக்காளரைப் பற்றியது, இருபது வருடச் சிநேகிதத்தைப் பற்றியதல்ல. ஆகவே அதை அப்படியே அளவுகோலாக வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் வரிசை நம் அனுபவத்தோடு ஒத்துத்தான் போகிறது.

அந்த வரிசைப்படி பார்த்தால், கடிதத்துக்கு முன்னால் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் அவரைத் திட்டியது பத்துப் பேர் காதில் விழுந்தது. திரும்பப் பெறுவது அவர் காதில் மட்டும் விழுந்தால் போதாது. அன்று அங்கே நின்றவர்களில் இன்னும் உங்கள் தெருவில் இருப்பவர்களிடம், பேச்சுவாக்கில், "அன்று நான் அவளைச் சொன்னது தப்பு, அவள் அப்படிப்பட்டவள் இல்லை" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். காரணம் எதையும் சொல்லாதீர்கள். அவர் கணவரின் வேலை உங்கள் வாயில் வரவே கூடாது. சொல்லிவிட்டீர்கள் என்றால் கடிதம் தானாகச் சுருங்கிவிடும்:

"லாரி வந்த அன்று எல்லோர் முன்னாலும் உன்னை நான் சொன்னது தவறு. என்ன விஷயம் என்று உன்னைத் தனியாகக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நான் சொன்னது உண்மையில்லை. அன்று அங்கே இருந்தவர்களில் இப்போது தெருவில் இருப்பவர்களிடமும் இதைச் சொல்லிவிட்டேன். பணம் கேட்டு இதை எழுதவில்லை, இனிமேல் கேட்கவும் மாட்டேன். நீ பதில் எழுத வேண்டும் என்றில்லை. என் எண் பழைய எண்தான்."

அன்று சொன்ன வார்த்தையை இதில் மறுபடி எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அவருக்கு அது மறந்திருக்காது. உங்கள் கையெழுத்தில் வேறு அதை அவர் பார்க்க வேண்டாம். அழைக்கும்போது எப்போதும் அழைக்கிற பெயரையே எழுதுங்கள், "நீ" என்றே எழுதுங்கள். மரியாதைக்காக "நீங்கள்" என்று போட்டால் தள்ளி நிறுத்தியதாகிவிடும்.

பண வரியைத் தாண்டிப் போக முடியாது. அதை விட்டுவிட்டால், ஆறு வருடம் கழித்து வசூலுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்த வரியை எழுதுவதற்கு முன்னால் உங்களுக்குள் கணக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 18,000 ரூபாய் உங்களுக்குச் சின்னத் தொகையாக இல்லாமல் இருக்கலாம். கேட்க மாட்டேன் என்று எழுதிவிட்டு, அவர் புதுச் சேலை கட்டியிருப்பதைப் பார்த்ததும் மனம் கணக்குப் போடும் என்றால், இந்தக் கடிதத்தை இப்போது எழுதாதீர்கள். துக்கம் விசாரித்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் குறையொன்றுமில்லை. "தள்ளுபடி செய்துவிட்டேன்", "உனக்காக விட்டுக்கொடுத்தேன்" போன்ற வார்த்தைகளும் வேண்டாம். அவை அவரை மறுபடியும் கடனாளியாக்கும், இந்த முறை உங்கள் பெருந்தன்மைக்கு.

(தெருச் சீட்டையும் சிநேகிதத்தையும் ஒரே வீட்டில் வைக்கக்கூடாது என்பது என் கட்சி. பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவதை 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டமும் அனுமதிப்பதில்லை. மறுபடி ஆரம்பிக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள்.)

கோபமான பதில் வந்தால் அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வருடம் சேர்த்து வைத்ததைக் கொட்டுவார். அதில் பாதி உங்களுக்கு அநியாயமாகப் படும், சீட்டுப் பணத்தைக் கட்டாமல் விட்டதே நீங்கள்தான் என்பதுபோல் கூட இருக்கும். திருத்தப் போகாதீர்கள். "நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்" என்ற ஒரு வரி போதும். "சரி, பரவாயில்லை" என்று ஒற்றை வரி வந்தால் அதற்கு மேல் இழுக்காதீர்கள். சில மாதம் கழித்து அந்த அம்மாவின் திதி வரும். அன்று நினைத்துக்கொண்டேன் என்று ஒரு செய்தி அனுப்பலாம். பதிலே வராவிட்டால் இரண்டாவது கடிதம் கிடையாது. பொதுவான தோழிகளைத் தூது அனுப்பவும் வேண்டாம். நீங்கள் சொல்லி அனுப்பியது ஒன்றாகவும் அங்கே போய்ச் சேர்வது வேறாகவும் இருக்கும்.

இன்னொன்றும் நடக்கலாம். மாதம் இரண்டாயிரமோ, மொத்தமாகவோ, அவர் பணத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வரலாம். "ஐயோ, எதற்கு இதெல்லாம்" என்று கையைத் தள்ளாதீர்கள். அத்தனை பேர் முன்னால் கேட்ட பேச்சுக்கு அவர் தருகிற பதில் அது. வாங்கி, அவர் எதிரிலேயே எண்ணி, மீதி எவ்வளவு என்பதைச் சொல்லுங்கள். பிறகு காபி போடப் போகலாம்.